தாழம்பூவை 72 விதமாக எழுதலாம்

"கொளத்தூரில் வீட்டிலேயே ஆரி வேலைப்பாடு செய்த பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். 'தாழம்பூ' என்று பெயர் வைத்து இன்ஸ்டாகிராம் பக்கம் தொடங்க நினைக்கிறேன். thazhampoo என்பதை யாரோ எடுத்துவிட்டார்கள். thazhampoo_official, the_thazhampoo, thaazhampoo2024 மூன்றும் கிடைக்கின்றன. எதை எடுக்கலாம்? மேலே தெரிகிற பெயரைத் தமிழில் வைத்தால் தேடுகிறவர்களுக்குக் கிடைக்குமா?"

மூன்றும் வேண்டாம். ராயப்பேட்டையில் அச்சகம் வைத்திருக்கிறேன். விசிட்டிங் கார்டும் பில் புத்தகமும் அடித்துக்கொண்டிருந்த கடையில், பத்து வருடங்களாக 'அப்படியே ஒரு பக்கமும் தொடங்கிக் கொடுங்கள்' என்று கேட்பவர்களே அதிகம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நீங்கள் கேட்டது ஒரு பெயரைப் பற்றி அன்று, இரண்டு பெயர்களைப் பற்றி. ஐடி என்று நாம் சொல்கிற பயனர்பெயர் ஒன்று, அதன் அருகே தெரியும் காட்சிப் பெயர் இன்னொன்று. இரண்டுக்கும் வேலை வேறு.

ஐடி வாய்வழியாகப் பரவுவது. ஒரு கல்யாணப் பந்தியில் உங்கள் வாடிக்கையாளர் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து இலைக்காரர் "கை வேலை நன்றாக இருக்கிறதே, எங்கே தைத்தீர்கள்?" என்று கேட்கிறார். "கொளத்தூரில் தாழம்பூ என்று ஒருவர், இன்ஸ்டாகிராமில் இருக்கிறார்" என்று பதில் வருகிறது. கேட்டவர் அன்று இரவு வீட்டில், காதில் விழுந்த ஒலியை மட்டும் வைத்துக்கொண்டு ஆங்கில எழுத்தில் அடித்துப் பார்க்கிறார். அவருக்கு நீங்கள் கிடைக்க வேண்டும். காட்சிப் பெயர் வேறு ஒருவருக்கானது. உங்களைப் பற்றிக் கேள்வியே படாதவர், தேவையை மட்டும் வைத்துக்கொண்டு aari blouse chennai என்று தேடுகிறார். அவர் கண்ணில் நீங்கள் பட வேண்டும்.

முதலில் ஐடி. தாழம்பூ அழகான பெயர், பட்டுச் சேலையில் தாழம்பூ ரேக்கு இருப்பதால் உங்கள் தொழிலுக்கும் பொருத்தம். ஆனால் ஆங்கில எழுத்தில் அது ஒரு முள்புதர். எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பாருங்கள். 'த' என்பதை நம் மக்கள் th, t, dh என்று மூன்று விதமாக எழுதுவார்கள். அதை அடுத்த நெடில் a அல்லது aa. 'ழ' என்பது zh, l, சிலருக்கு வெறும் z. 'ம்பூ'வில் வரும் பகரம் ஒலியில் b, எழுத்தில் p. கடைசி நெடில் oo அல்லது u. மூன்றை இரண்டால் பெருக்கி, மூன்றால் பெருக்கி, மறுபடி இரண்டாலும் இரண்டாலும் பெருக்கினால் 72 வருகிறது. நான்கே எழுத்துப் பெயருக்கு 72 எழுத்துக்கூட்டல்! இவற்றில் எதையும் பிழை என்று ஒருவரைத் திருத்த முடியாது. அன்றாடப் புழக்கத்தில் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவதற்கு எல்லோரும் ஏற்ற விதி இல்லை. அரசே ஒருமுறை முயன்று பார்த்தது. 2020 ஜூனில் 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியானது. கோயம்புத்தூர் Koyampuththoor ஆனது. கிண்டலும் குழப்பமும் கிளம்பி, சில நாள்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. அரசுக்கே இந்த நிலை என்றால் பிளவுஸ் கடைக்காரர் வாடிக்கையாளருக்கு எழுத்துக்கூட்டல் கற்றுக்கொடுக்க முடியாது. அவர்கள் எப்படி அடிப்பார்களோ அதை நாம்தான் எடுக்க வேண்டும்.

எப்படி அடிப்பார்கள் என்பதை யூகிக்கத் தேவையில்லை, கேட்டுப் பார்க்கலாம். பெயரை எழுதிக் காட்டாமல் வாயால் மட்டும் ஒருமுறை சொல்லி, 'இதை இன்ஸ்டாகிராமில் தேடுவதாக நினைத்து எனக்கு அடித்து அனுப்புங்கள்' என்று கேட்க வேண்டும். நேரில் கேட்பதைவிடத் தொலைபேசியில் கேட்பது நல்லது, முகத்தைப் பார்த்து யாரும் 'சரிதானே?' என்று கேட்க முடியாது. உங்கள் கேள்வியைப் படித்ததும் என் கடையில் அப்போது இருந்த ஆறு பேரிடம் இதைச் செய்து பார்த்தேன். இரண்டு பேர் thazhampoo என்று அடித்தார்கள். ஒருவர் thazhambu. இரண்டு பேர் thalampoo. பைண்டிங்குக்கு வந்திருந்த மாணவர் talambu என்று தொடங்கி, 'பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் இருக்கும் ஊரா?' என்று கேட்டார். அவர் சொன்னது தாழம்பூர். அந்த ஊரையே Thalambur என்றும் Thazhambur என்றும் இரண்டு விதமாக எழுதுகிறார்கள்.

ஆறு பேர் என்பது கணக்குக்குப் போதாது, நீங்கள் உங்கள் வாடிக்கையாளர் வயதில் உள்ள பத்துப் பன்னிரண்டு பேரிடமாவது கேட்க வேண்டும். ஆனால் ஆறு பேரே இரண்டு விஷயங்களைக் காட்டிவிட்டார்கள். ஒன்று, யாரும் aa போடவில்லை. ஆகவே thaazhampoo என்று தொடங்கும் உங்கள் மூன்றாவது ஐடி அங்கேயே அடிபட்டுப் போகிறது. தேடல் பெட்டியில் நாம் முழுப் பெயரையும் அடித்து முடிப்பதற்குள் பட்டியல் விரிந்துவிடும். எனவே தொடக்க எழுத்துகளில் தவறினால் வால் சரியாக இருந்தும் பெரிய பயன் இல்லை. இரண்டு, சண்டை p, b என்பதில் இல்லை, zh, l என்பதில்தான். உங்கள் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் கொளத்தூர், பெரம்பூர், வில்லிவாக்கம் பக்கத்துத் தமிழ்ப் பெண்கள் என்று வைத்துக்கொண்டு நான் zh பக்கம் சாய்கிறேன். கனிமொழி போன்ற பெயர்களை எழுதி எழுதி அந்த zh நம் கண்ணுக்குப் பழகிவிட்டது. சௌகார்பேட்டை வாடிக்கையாளர்கள் அதிகம் என்றால் கதை வேறு. தமிழ் அறியாதவர் zh-ஐப் பார்த்துத் 'தஸம்பூ' என்றுதான் படிப்பார், அவர் சொல்லி இன்னொருவர் உங்களைத் தேடி அடையவே முடியாது.

அடுத்து, thazhampoo-வை எடுத்தவர் யார் என்று பார்த்தீர்களா? பலர் 'கிடைக்கவில்லை' என்ற சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் பின்னால் ஒரு கோடு போட்டுக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். மலையாளத்திலும் ழகரம் உண்டு, அவர்களும் zh என்றே எழுதுகிறார்கள். ஆகவே அது கேரளத்தில் ஒருவரின் சொந்தப் படங்கள் இருக்கும் பக்கமாக இருக்கலாம். அப்படியானால் கவலை இல்லை. மாறாக, சென்னையிலேயே துணி அல்லது தையல் தொழில் செய்கிறவர் என்றால் பெயரையே விட்டுவிடுங்கள். நீங்கள் போடும் உழைப்பில் பாதி அவர் பக்கத்துக்குப் போகும், அவர் மேல் வரும் குறைகள் உங்கள் தலையில் விழும். கூடவே இந்திய அறிவுசார் சொத்து அலுவலகத்தின் இணையதளத்தில் வணிகக்குறித் தேடலும் செய்துவிடுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. ஆயத்த ஆடைகளுக்கு 25ஆம் வகுப்பு, தைத்துக் கொடுக்கும் சேவைக்கு 40ஆம் வகுப்பு. எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போவதைத் தேடுவதோடு, ஒலியால் ஒத்த பெயர்களைத் தேடும் வசதியும் அங்கே உண்டு. நம் 72 சிக்கலுக்கு அதைத்தான் பயன்படுத்த வேண்டும். ஒத்த பெயர் ஏதாவது பதிவாகியிருந்தால், அது உங்களைத் தடுக்குமா என்று சொல்ல வேண்டியவர் வழக்கறிஞர், அச்சகக்காரன் அல்ல.

பெயர் பிழைத்தது என்று வைத்துக்கொள்வோம். இப்போது ஐடியில் எதையாவது சேர்த்தாக வேண்டும். சேர்ப்பது குறியீடாக இருக்கக்கூடாது, சொல்லாக இருக்க வேண்டும், அந்தச் சொல்லும் எல்லோரும் ஒரே மாதிரி எழுதும் சொல்லாக இருக்க வேண்டும். official என்பது, வேறு போலிகள் இருக்கும் அளவுக்குப் பெயர் பெற்றவர்கள் போட்டுக்கொள்வது. புதுக்கடைக்கு அது எதையும் சொல்லவில்லை, அதை எழுதும்போது f ஒன்றா இரண்டா என்று தடுமாறுபவர்களும் உண்டு. முன்னால் வரும் the, தொடக்க எழுத்துகளையே மாற்றிவிடுகிறது. 2024 போன்ற ஆண்டு, அடுத்த ஆண்டே பழைய நாள்காட்டி போலத் தெரியும்.

அடிக்கோட்டைப் பற்றி எனக்கு ஒரு சொந்தச் சூடு உண்டு. ஊறுகாய் விற்கும் ஒருவருக்கு 500 கார்டு அடித்துக் கொடுத்தேன். ஐடியின் நடுவே ஓர் அடிக்கோடு. இணைய முகவரி என்று எடுப்பாகத் தெரியட்டும் என நானே அந்த வரி முழுவதற்கும் கீழே ஒரு கோடு இழுத்தேன். அடிக்கோடு அந்தக் கோட்டோடு கலந்து மறைந்துவிட்டது, பார்ப்பவர்களுக்கு நடுவே இடைவெளி போலத் தெரிந்தது. இடைவெளி விட்டு அடித்தவர்களுக்கு வேறு யாருடைய பக்கமோ வந்தது. 500 கார்டையும் என் செலவில் திரும்ப அடித்தேன். தொலைபேசியில் சொன்னாலும் இதே பாடுதான். 'அண்டர்ஸ்கோர்' என்றால் பாதிப் பேர் நடுக்கோடு போடுவார்கள், 'கீழே ஒரு கோடு' என்றால் 'எதற்குக் கீழே?' என்பார்கள்.

புள்ளி அவ்வளவு மோசமில்லை. 'டாட்' என்றால் எல்லோருக்கும் புரியும். இன்ஸ்டாகிராமில் ஐடிக்கு அதிகபட்சம் 30 எழுத்து. ஆங்கில எழுத்து, எண், புள்ளி, அடிக்கோடு இவை மட்டுமே செல்லும், தமிழ் எழுத்து செல்லாது. புள்ளி முதலிலோ கடைசியிலோ வரக்கூடாது. பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் வித்தியாசம் கிடையாது. ஃபேஸ்புக் ஐடியில் அடிக்கோட்டுக்கு இடமே இல்லை, புள்ளி போடலாம், ஆனால் புள்ளி இருப்பதும் இல்லாததும் அங்கே ஒன்றுதான். ஆகவே எல்லா இடத்திலும் ஒரே ஐடி வேண்டும் என்றால், ஒரு புள்ளிக்கு மேல் எதையும் நம்பாதீர்கள்.

எந்தச் சொல்லைச் சேர்ப்பது? aari சேர்த்தால் thazhampooaari என்று வரும். நான்கு உயிரெழுத்துகள் ஒரே வரிசையில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒரு o, ஓர் a விட்டுப்போனால் யாருக்கும் தெரியாது. போதாக்குறைக்கு ஆரியை ari என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். கொளத்தூர் சேர்த்தால் அதிலும் ஒரு 'த்தூ' இருக்கிறது, வீடு மாறினால் ஐடியும் பொய்யாகிவிடும். blouse நல்ல சொல்தான். ஆனால் நாளை லெஹங்காவும் பாவாடை சட்டையும் தைக்கத் தொடங்கினால் இடிக்கும். chennai என்பதை எல்லோரும் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள், தாம்பரத்துக்கு வீடு மாறினாலும் கூடவே வரும். ஒரே ஒரு சங்கடம்: thazhampoochennai என்று ஒட்டி எழுதினால் அவசரத்தில் படிப்பவர் கண்ணுக்கு நடுவில் ஒரு பூச்சி தெரிகிறது. இரண்டு சொற்களை ஒட்டும்போது நடுவில் புதிதாக என்ன சொல் பிறக்கிறது என்று எப்போதும் ஒருமுறை உரக்கப் படித்துப் பார்க்க வேண்டும். ஒரு புள்ளி பூச்சியை விரட்டிவிடும். என் பரிந்துரை இதுதான்:

```
thazhampoo.chennai
```

மொத்தம் 18 எழுத்து. 'தாழம்பூ டாட் சென்னை, ழவுக்கு இசட் ஹெச்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். புள்ளி இல்லாத வடிவத்தையும், thalampoo.chennai என்பதையும் கிடைத்தால் வேறு கணக்குகளில் எடுத்து வைத்து, உண்மையான பக்கம் எது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். தவறாக அடித்தவருக்கு அது வழிகாட்டிப் பலகை.

இனி காட்சிப் பெயர். தமிழில் வைக்கலாம், தாராளமாக. ஆனால் தமிழில் மட்டும் வைக்காதீர்கள். நம்மவர்களில் தமிழ் விசைப்பலகையில் தேடுபவர்கள் இருக்கிறார்கள், ஆனால் பிளவுஸ் தேடுபவர்களில் பெரும்பாலோர் ஆங்கில எழுத்தில் அடிப்பதைத்தான் நான் பார்க்கிறேன். இன்ஸ்டாகிராம் காட்சிப் பெயருக்கு 64 எழுத்து இடம் தருகிறது, ஆகவே இரண்டையும் வைக்கலாம்:

```
தாழம்பூ Thazhampoo | Aari Blouse Chennai
```

இது 40தான். நம் கண்ணுக்குத் தாழம்பூ நான்கு எழுத்து, கணினிக்கு அது ஏழு. கால், புள்ளி, ஊகாரக் குறி ஒவ்வொன்றையும் அது தனியாக எண்ணுகிறது. நீளமான தமிழ்ப் பெயர் வைப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். l போட்டுத் தேடுபவர்களுக்காக, அறிமுக வரிகளில் 'Thalampoo என்றும் எழுதுவார்கள், நாங்கள்தான்' என்று சிரித்தபடி ஒரு வரி சேர்த்துவிடலாம். தேடலில் அறிமுக வரிகளும் கணக்கில் வருவதாக இன்ஸ்டாகிராமே சொல்லியிருக்கிறது.

காட்சிப் பெயரை அலங்கார எழுத்தில் போடவே போடாதீர்கள். சாய்ந்த, சுருண்ட எழுத்துகளை நகலெடுத்துத் தரும் இணையதளங்கள் இருக்கின்றன. அவை உண்மையில் ஆங்கில எழுத்துகள் அல்ல, கணிதத்துக்கென்று வைத்திருக்கும் தனிக் குறியீடுகள். பார்க்க B போல இருக்கும், கணினிக்கு அது B இல்லை. சாதாரணமாக அடித்துத் தேடுபவருக்கு அது சிக்காமல் போகலாம். பார்வையற்றவர்களின் திரைவாசிப்பானும் அதில் தடுமாறும். தமிழிலும் இப்படிப்பட்ட போலிகள் உண்டு. உங்கள் பெயரில் இந்த ஆபத்து இல்லை, ஆனால் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவும். 'கௌரி' என்று எழுத வேண்டிய இடத்தில் ஒற்றைக் கொம்பும் ளகரமும் போட்டு 'கெளரி' என்று அடித்தாலும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும், தேடலில் இரண்டும் வேறு சொற்கள். ஸ்ரீ எழுத்திலும் இதே வம்பு: ஸகரத்தில் தொடங்கியும் அடிக்கலாம், ஶகரத்தில் தொடங்கியும் அடிக்கலாம், பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசலாக ஒரே உருவம். பெயரில் ஸ்ரீ இருந்தால், இரண்டு வெவ்வேறு தொலைபேசிகளில் அடித்துத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

காட்சிப் பெயரில் இப்படித் தொழிலைச் சேர்ப்பது இன்ஸ்டாகிராமுக்கு மட்டும்தான். கூகுள் மேப்பில் கடையைப் பதிவு செய்யும்போது இதே வரியை ஒட்டாதீர்கள். உலகத்துக்கு நீங்கள் காட்டும் உண்மையான பெயரை மட்டுமே அங்கே போட வேண்டும் என்பது அவர்கள் விதி. தொழிலையும் ஊரையும் பெயரோடு திணித்தால் பதிவையே முடக்கிவிடவும் கூடும்.

இதில் எதை உறுதியாகச் சொல்லலாம், எதைச் சொல்ல முடியாது என்றால்: எழுத்து எண்ணிக்கை, எந்தக் குறி செல்லும் என்பவை எல்லாம் அந்தந்த நிறுவனம் வகுத்தவை, நாளை அவர்கள் மாற்றலாம். தேடலில் யார் முதலில் வருவார் என்பதை யாரும் உறுதி தர முடியாது. தேடுபவர் யாரைப் பின்தொடர்கிறார், முன்பு எதைத் தொட்டார் என்பதைப் பொறுத்து ஆளுக்கு ஒரு பட்டியல் வருகிறது. உங்கள் தொலைபேசியில் உங்கள் பக்கம் முதலில் வந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள், உங்களைப் பின்தொடராத ஒருவரின் தொலைபேசியில் பாருங்கள். காட்சிப் பெயர் சரியாக வரவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம், 14 நாளில் இரண்டு முறை அனுமதி உண்டு. ஐடியை மாற்றுவதுதான் விலை உயர்ந்த வேலை. கார்டிலும் பையிலும் அச்சடித்த பழைய முகவரி வேலை செய்யாமல் போகும், நீங்கள் விட்ட ஐடியை வேறொருவர் எடுத்துக்கொள்ளவும் வழி உண்டு.

அதனால் பைக்கும் லேபிளுக்கும் ஆர்டர் கொடுக்கும் முன் பத்துப் பேரிடம் கேட்டுவிடுங்கள். கூடவே ஒப்பிட்டுப் பார்க்க 'மலர்' என்ற பெயரையும் சொல்லி அடிக்கச் சொல்லுங்கள். அதில் யாரும் தடுமாற மாட்டார்கள். உங்கள் பெயருக்கு எவ்வளவு விலை கொடுக்கிறீர்கள் என்று அப்போது கண்ணால் பார்க்கலாம். கொடுக்கத் தகுந்த விலைதான் என்று தோன்றினால் தாழம்பூவையே வையுங்கள். எத்தனை பேர் zh, எத்தனை பேர் l என்று இங்கே எழுதுங்கள். l முந்தினால் நான் சொன்ன ஐடியை மாற்றிச் சொல்கிறேன்.